வியாழனோடு முடியும் வாரம்

பிரிக்பீல்ட்ஸ், கேஎல் சென்ட்ரல், கிள்ளான் வட்டார அலுவலகங்களில் திட்ட அட்டவணை போடும் தம்பி தங்கைகளுக்கு,

ஒரே திட்டத்தில் இங்கே ஒரு குழு, அலோர்ஸ்டாரிலோ கோத்தாபாருவிலோ ஒரு குழு, சென்னையில் ஒரு குழு என்று வைத்து வேலை வாங்குவது இப்போது உங்களில் பலருக்கு அன்றாடம் ஆகிவிட்டது. உங்கள் அட்டவணைகள் சிலவற்றைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கிறது. கோடுகளும் வண்ணங்களும் அழகாக இருக்கின்றன. ஆனால் அநேகமாக எல்லாவற்றிலும் வாரத்துக்கு ஐந்து வேலை நாள், திங்கள் முதல் வெள்ளி வரை, எல்லாருக்கும் ஒன்றுபோலக் கணக்கிடப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்கு தவறு. அது எங்கே தவறுகிறது, எப்படித் திருத்துவது என்பதை ஒரு தீபாவளி வாரத்தை வைத்துச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

முதலில் நம் வீட்டுப் பக்கமே பார்ப்போம். கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறினால் அதே தண்டவாளத்தில் கிள்ளான் வந்துவிடுகிறது. ஆனாலும் பிரிக்பீல்ட்ஸ் கூட்டரசுப் பிரதேசம், கிள்ளான் சிலாங்கூர். டிசம்பர் 11ஆம் தேதி சிலாங்கூர் சுல்தானின் பிறந்தநாள். கிள்ளானில் விடுமுறை, பிரிக்பீல்ட்ஸில் வேலை. பிப்ரவரி 1 கூட்டரசுப் பிரதேச தினம். அன்று நிலைமை தலைகீழ். தினமும் ஒரே ரயிலில் வரும் இரண்டு பேருக்கே நாட்காட்டி இரண்டாக இருக்கிறது. 2026இல் டிசம்பர் 11 வெள்ளிக்கிழமை. கிள்ளானில் இருப்பவர் சரிபார்த்துத் தர வேண்டிய ஒரு தாளுக்கு அந்த வெள்ளியைக் கெடுவாகப் போட்டிருந்தால், அது திங்கட்கிழமை 14ஆம் தேதிதான் கைக்கு வரும்.

வடக்கிலும் கிழக்குக் கரையிலும் வேறுபாடு இன்னும் ஆழமானது. கெடா, கிளாந்தான், திரெங்கானு மூன்று மாநிலங்களிலும் வார ஓய்வு வெள்ளியும் சனியும். ஞாயிறு அங்கே முழு வேலை நாள். அவர்களுக்கும் வாரத்தில் ஐந்து நாள் வேலை, நமக்கும் ஐந்து நாள். ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றாக மேசையில் இருப்பது திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்ற நான்கே நாள். வெள்ளி நமக்கு மட்டும். ஞாயிறு அவர்களுக்கு மட்டும். கைமாற்றி வாங்கிச் செய்யும் வேலைக்கு இந்த நான்குதான் வாரம். இதை அட்டவணையின் தலைப்பிலேயே எழுதி வையுங்கள்.

பொது விடுமுறை வரும்போது இந்த வேறுபாடு இன்னொரு சுற்றுச் சுற்றும். நம் பக்கத்தில் விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் திங்கட்கிழமை மாற்று விடுமுறை. கெடாவில் ஞாயிறு வேலை நாள் என்பதால் அந்த ஞாயிறே விடுமுறை. திங்கட்கிழமை வழக்கம்போல அலுவலகம் திறந்திருக்கும். 2023 தீபாவளியில் இதுதான் நடந்தது. நவம்பர் 12 ஞாயிறு. கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் 13ஆம் தேதி திங்கள் மூடியிருந்தது, கெடாவில் திறந்திருந்தது. பண்டிகை ஒன்று, நாடு ஒன்று, ஆனால் அலுவலகங்கள் இழந்த வேலை நாள் இரண்டு வெவ்வேறு நாள். நம் பக்கம் சனிக்கிழமையில் விழும் விடுமுறைக்கு மாற்று நாள் தரச் சட்டம் சொல்வதில்லை. சில நிறுவனங்கள் தாமாகத் தருகின்றன, பல தருவதில்லை. அதையும் நிறுவனம் நிறுவனமாகக் கேட்டுத்தான் குறிக்க வேண்டும்.

2026 தீபாவளியும் ஞாயிறுதான், நவம்பர் 8. ஆகவே அதையே எடுத்துக்கொள்வோம். நவம்பர் 2 திங்கள் தொடங்கி 13 வெள்ளி வரை இரண்டு வாரம். பொதுவான நாட்காட்டி பத்து வேலை நாள் என்று சொல்லும். பிரிக்பீல்ட்ஸுக்கு 9ஆம் தேதி திங்கள் போய்விடுவதால் ஒன்பது. அலோர்ஸ்டாருக்கு அதே தேதிகளுக்குள் இரண்டு வெள்ளி, ஒரு சனி, தீபாவளி ஞாயிறு ஆகியவை கழிந்து எட்டு. இரண்டு அலுவலகமும் ஒன்றாகத் திறந்திருக்கும் நாள் ஏழு. பத்துக்கும் ஏழுக்கும் இடையே இருக்கும் மூன்று நாள் எங்கே போனது என்றுதான் மாதக் கடைசியில் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இந்த எண்ணிக்கையை விரல் விட்டு எண்ண வேண்டியதில்லை. எக்செல் தாளில் வார ஓய்வைத் தனியாகச் சொல்ல வழியிருக்கிறது:

```
=NETWORKDAYS.INTL(DATE(2026,11,2),DATE(2026,11,13),1,DATE(2026,11,9))
=NETWORKDAYS.INTL(DATE(2026,11,2),DATE(2026,11,13),7,DATE(2026,11,8))
=NETWORKDAYS.INTL(DATE(2026,11,2),DATE(2026,11,13),"0000111",DATE(2026,11,9))
```

முதல் வரி பிரிக்பீல்ட்ஸ். அதில் 1 என்பது சனி, ஞாயிறு ஓய்வு. இரண்டாவது அலோர்ஸ்டார், 7 என்பது வெள்ளி, சனி. மூன்றாவதுதான் முக்கியம். ஏழு இலக்கமும் திங்களில் தொடங்கும் ஏழு நாள். 1 போட்ட நாள் ஓய்வு. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றையும் மூடிவிட்டால் மிஞ்சுவது கூட்டு நாட்கள். விடை முறையே 9, 8, 7. உண்மையான தாளில் கடைசி இடத்தில் ஒரே தேதியைப் போடாமல், முதல் இரண்டு வரிகளில் அந்தந்த ஊரின் விடுமுறைப் பட்டியலையும், மூன்றாவதில் எல்லா ஊர்களின் விடுமுறையும் சேர்ந்த பட்டியலையும் காட்டுங்கள்.

எந்த வேலைக்கு எந்த வரி என்பதில் ஒரு தெளிவு வேண்டும். ஒரு குழு தனியாக உட்கார்ந்து முடிக்கும் வேலைக்கு அந்தக் குழுவின் நாட்காட்டி. இரண்டு குழு பேசி முடிக்க வேண்டியதற்கு, ஒப்புதல், கூட்டுச் சோதனை, பயிற்சி போன்றவற்றுக்கு, கூட்டு நாட்காட்டி. எல்லாவற்றுக்கும் கூட்டு நாட்காட்டியைப் போட்டால் திட்டம் தேவையில்லாமல் நீளும். எல்லாவற்றுக்கும் நம் நாட்காட்டியைப் போட்டால் பொய்யாகச் சுருங்கும்.

இனி நாட்களின் எண்ணிக்கையை விட்டு, வேலை கைமாறும் வரிசைக்கு வருகிறேன். பெரிய இழப்பு அங்கேதான் நடக்கிறது. அலோர்ஸ்டாரில் உள்ள ஓர் அலுவலகத்துக்காக ஒரு விண்ணப்பப் படிவத்தின் மென்பொருளைத் திருத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக் குழு எழுதுகிறது, பிரிக்பீல்ட்ஸ் குழு சோதிக்கிறது, அலோர்ஸ்டார் ஒப்புதல் தருகிறது. அட்டவணை இப்படி இருக்கிறது: நவம்பர் 5 வியாழன் சென்னை முடிக்கும்; 6 வெள்ளி பிரிக்பீல்ட்ஸ் சோதிக்கும்; 9 திங்கள் அலோர்ஸ்டார் ஒப்புதல்; 10 செவ்வாய் பயன்பாட்டுக்கு வரும். நடுவில் சனியும் ஞாயிறும் விட்டாயிற்று, தீபாவளியும் கழிந்தது, பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நடப்பதைப் பாருங்கள். வெள்ளி மாலை பிரிக்பீல்ட்ஸ் சோதனை அறிக்கையை அனுப்புகிறது. அலோர்ஸ்டாரில் அன்று ஓய்வு, சனி ஓய்வு, ஞாயிறு தீபாவளி. திங்கள் காலை அவர்கள் அறிக்கையைத் திறக்கிறார்கள். அடையாள அட்டை எண் எழுதும் இடத்தில் ஒரு சந்தேகம், கேட்கிறார்கள். பிரிக்பீல்ட்ஸில் அன்று மாற்று விடுமுறை, பதில் இல்லை. செவ்வாய் காலை கேள்வி படிக்கப்பட்டு, திருத்தம் தேவை என்று சென்னைக்குப் போகிறது. சென்னை அன்று மாலை ஆறு மணிக்குத் திருத்தி அனுப்பும்போது இங்கே இரவு எட்டரை. புதன்கிழமை மறுசோதனை, மாலையில் அறிக்கை. வியாழன் 12ஆம் தேதி ஒப்புதல் கிடைக்கிறது. மறுநாள் வெள்ளி. அலோர்ஸ்டாரில் பார்த்துச் சொல்ல ஆளில்லாத நாளில் புதிய படிவத்தை யாரும் திறந்துவிட மாட்டார்கள். ஞாயிறு அவர்கள் இருப்பார்கள், நாம் இருக்க மாட்டோம். ஆக, முதல் நாள் திங்கள் 16.

செவ்வாய் 10 என்று சொன்னது திங்கள் 16 ஆயிற்று. யாரும் சோம்பியிருக்கவில்லை, யாரும் தாமதிக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி எழுந்தது, அவ்வளவுதான். இதைக் கண்டுகொள்ள ஓர் அடையாளம் உண்டு: முன்னேற்ற அறிக்கையில் ஒவ்வொரு குழுவும் தன் வேலையைக் குறித்த நாளில் முடித்திருக்கும், மொத்தத் திட்டம் மட்டும் ஒரு வாரம் பின்தங்கியிருக்கும். அப்படிப் பார்த்தால் ஆட்களைக் கடிந்துகொள்ளாதீர்கள். கைமாறிய தேதிகளை மட்டும் தனி நெடுவரிசையில் எழுதி, ஒவ்வொன்றும் பெறுபவரின் வேலை நாளில் விழுந்ததா என்று பாருங்கள். அனுப்பியவரின் நாளில் விழுந்து, பெறுபவரின் ஓய்வில் விழுந்த கைமாற்றங்கள்தான் அந்த வாரத்தைத் தின்றவை.

அதே வேலையை அதே செவ்வாய்க்கு முடிக்க முடியும். சென்னையின் கெடுவை வியாழனிலிருந்து செவ்வாய் 3ஆம் தேதிக்கு முன்னே கொண்டுவர வேண்டும். அதுவும் சென்னை நேரம் மூன்று மணிக்கு. புதன் 4 பிரிக்பீல்ட்ஸ் சோதனை. வியாழன் 5 அலோர்ஸ்டார் பார்த்து, மாலைக்குள் தன் கேள்விகள் எல்லாவற்றையும் எழுதி அனுப்பும். வெள்ளி 6 பிரிக்பீல்ட்ஸும் சென்னையும் மட்டும் இருக்கும் நாள். கேள்விகளைத் தீர்க்க அது போதும். அன்று மாலை திருத்திய வடிவமும் குறிப்பும் அலோர்ஸ்டாரின் மேசைக்குப் போய்விடும். பிறகு எல்லாரும் தீபாவளி கொண்டாடலாம். திங்கள் 9 அலோர்ஸ்டார் மட்டும் இருக்கும் நாள், ஒப்புதல் அன்று. செவ்வாய் 10 இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்; திறந்துவிடலாம்.

இதில் கவனிக்க வேண்டியது, நம் விடுமுறைத் திங்களில் அவர்கள் தனியாக முடிவெடுக்க வேண்டும் என்பதுதான். அதற்கு வெள்ளி மாலை போகும் குறிப்பு தன்னிறைவாக இருக்க வேண்டும். என்ன கேட்டார்கள், என்ன திருத்தினோம், திருத்திய திரை எப்படி இருக்கிறது, எதைச் சரிபார்த்தால் ஒப்புதல் தரலாம், ஒப்புக்கொள்ளாவிட்டால் எது பழையபடி நிற்கும், எல்லாம் அதிலேயே இருக்க வேண்டும். “விவரத்துக்கு என்னை அழைக்கவும்” என்று எழுதி அனுப்பிவிட்டு நீங்கள் பலகாரத் தட்டோடு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் அந்தத் திங்கள் வீணாகும். அல்லது உங்கள் கைப்பேசி தீபாவளி முழுக்க அடித்துக்கொண்டிருக்கும்.

சாதாரண வாரங்களுக்கும் இதே ஒழுங்கு உதவும். அலோர்ஸ்டார் வியாழன் மாலை தருவதை நாம் வெள்ளியில் செய்து முடித்தால், ஞாயிறு காலை அவர்கள் வந்ததும் தயாராக இருக்கும். ஞாயிறு அவர்கள் பார்த்தால் திங்கள் காலை நமக்குப் பதில் காத்திருக்கும். வெள்ளியும் ஞாயிறும் கூட்டு நாள் இல்லை என்பதால் இழந்த நாள் என்று எண்ண வேண்டியதில்லை. தொடர் ஓட்டத்தில் கோல் கைமாறுவதுபோல் மாறினால் வேலை வாரத்துக்கு ஆறு நாள் நகர்கிறது. எல்லாம் வியாழன் மாலைக் கைமாற்றத்தைப் பொறுத்தது. அது ஒரு மணி நேரம் தவறி, அனுப்புமுன் அங்கே அலுவலகம் பூட்டப்பட்டால், ஞாயிறு வரை அங்கேயே கிடக்கும். நம் கைக்கு வருவது திங்கள்தான். அதனால்தான் என் அட்டவணைகளில் வியாழன் பிற்பகல் எந்தக் கூட்டத்தையும் வைக்க விடுவதில்லை. வெள்ளி நண்பகலில் இங்கே தொழுகைக்காக இடைவேளை நீளும் என்பதால் நம் வெள்ளியையும் முழு நாளாக எண்ணாதீர்கள். முக்கால் நாள் என்று வைத்தால் கணக்கு பொய்க்காது.

சென்னையைப் பற்றி இரண்டு விஷயம். ஒன்று, இரண்டரை மணி நேரம். மாலை ஆறு மணி என்று அங்கே முடிவது இங்கே மறுநாள் வேலை. கெடு எழுதும்போது தேதி மட்டும் எழுதாமல், “கோலாலம்பூர் நேரம் மாலை ஐந்தரை, சென்னை நேரம் மூன்று மணி” என்று இரண்டையும் எழுதினால் ஒரு நாள் மிஞ்சும். இன்னொன்று, தமிழ்நாட்டு அரசு பண்டிகையை ஒட்டிக் கூடுதல் விடுமுறை அறிவிக்கும் வழக்கம். 2023 தீபாவளி ஞாயிறு; மறுநாள் நவம்பர் 13 திங்களும் விடுமுறை என்று பண்டிகை நெருங்கிய பிறகு அறிவித்து, 18ஆம் தேதி சனிக்கிழமையை ஈடான வேலை நாளாக்கினார்கள். 2024இல் தீபாவளி அக்டோபர் 31 வியாழன். நவம்பர் 1 வெள்ளியும் அப்படியே விடுமுறையாகி, 9ஆம் தேதி சனி வேலை நாளானது. இது அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்குமான உத்தரவு. தனியார் நிறுவனம் பின்பற்றலாம், பின்பற்றாமலும் போகலாம். ஆனால் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை என்றால் ஊருக்குப் போன பெற்றோர் ஒரு நாள் தள்ளித்தான் திரும்புவார்கள். எனவே 2026 நவம்பர் 9ஐச் சென்னைக்கு வேலை நாள் என்று நம்பி எந்த வேலையையும் அங்கே நிறுத்தாதீர்கள். மேலே நான் திருத்திய அட்டவணையில் அன்று சென்னைக்கு வேலையே இல்லை என்பதைப் பார்த்திருப்பீர்கள்.

பொங்கலும் அப்படித்தான். இங்கே அது பொது விடுமுறை இல்லை என்பதால் கோலாலம்பூரில் போடும் அட்டவணையில் ஜனவரி நடுப்பகுதி வெறுமையாகத் தெரியும். அங்கே பொங்கல், திருவள்ளுவர் நாள், உழவர் திருநாள் என்று மூன்று நாள் அடுத்தடுத்து. தமிழர்களாக இருந்தும் நாமே இதை மறந்து, ஜனவரி 15க்குப் பயன்பாட்டுத் தேதி குறிப்பது எனக்கு ஒவ்வோர் ஆண்டும் வருத்தம் தருகிறது.

வார ஓய்வு என்பது மாறாத ஒன்று என்றும் நினைக்க வேண்டாம். ஜொகூர் 2014 ஜனவரி 1 முதல் வெள்ளி, சனி ஓய்வுக்கு மாறியது. பதினோர் ஆண்டு கழித்து 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனி, ஞாயிறுக்கு வந்தது. அந்த அறிவிப்பு 2024 அக்டோபரில்தான் வெளியானது. அப்போது நடந்துகொண்டிருந்த திட்டங்களுக்கு மூன்று மாதத்துக்கும் குறைவான அவகாசம். நான் மேலே கொடுத்த வாய்பாட்டுக்கு இங்கே ஓர் எல்லை இருக்கிறது. அதில் வார ஓய்வுக்கு ஒரே ஓர் எண்தான் போட முடியும். 2024 டிசம்பரில் தொடங்கி 2025 ஜனவரியில் முடிந்த ஜொகூர் வேலையை ஒரே வரியில் எண்ணினால், எந்த எண்ணைப் போட்டாலும் ஒரு பாதி தவறும். டிசம்பர் 31 வரை 7 போட்டு ஒரு வரி, ஜனவரி 1 முதல் 1 போட்டு இன்னொரு வரி, இரண்டையும் கூட்ட வேண்டும். பழைய திட்டம் எத்தனை நாள் எடுத்தது என்று பார்த்துப் புதிய திட்டத்துக்கு மதிப்பிடுபவர்கள், ஜொகூர்க் கணக்குகளில் இந்தப் பிளவை இன்றும் கவனிக்க வேண்டும். வளைகுடாவில் வேலை செய்வோருக்கும் இது பொருந்தும்: சவூதி 2013இல் வியாழன், வெள்ளியிலிருந்து வெள்ளி, சனிக்கு மாறியது, ஐக்கிய அரபு சிற்றரசுகளின் கூட்டரசு அலுவலகங்கள் 2022 ஜனவரியிலிருந்து வெள்ளி அரை நாளும் சனி, ஞாயிறு ஓய்வுமாக மாறின. துபாய் வாடிக்கையாளருக்குப் பழைய நாட்காட்டி இன்னும் உங்கள் கோப்பில் கிடக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது, முன்கூட்டித் தெரியாத நாட்கள். நோன்புப் பெருநாள் பிறை பார்த்த பிறகு, முதல் நாள் இரவு அரச முத்திரைக் காப்பாளர் தொலைக்காட்சியில் அறிவிக்கும்போதுதான் உறுதியாகிறது. பெரும்பாலும் நாட்காட்டியில் அச்சிட்ட தேதியே வரும். 2022இல் அப்படி வரவில்லை. மே 3 செவ்வாய் என்று பெரும்பாலோர் எதிர்பார்த்திருந்தபோது மே 2 திங்கள் பெருநாள் என்று மே 1 இரவு அறிவிப்பு வந்தது. அந்த மே 1 ஞாயிறு தொழிலாளர் தினம்; அதற்கான மாற்று விடுமுறை திங்களில் விழ வேண்டியது. திங்களும் செவ்வாயும் பெருநாளாகிவிட்டதால் அது புதன் 4ஆம் தேதிக்குப் போனது. ஒரு பிறை நகர்ந்ததில் எந்த நாள் எதற்கான விடுமுறை என்ற வரிசையே மாறிப்போயிற்று.

அரசு திடீரென்று தரும் விடுமுறைகளும் உண்டு. 1951ஆம் ஆண்டின் விடுமுறைச் சட்டம் 8ஆம் பிரிவு அதற்கு வழி செய்கிறது. 2018 பொதுத் தேர்தல் முடிந்த கையோடு மே 10, 11 இரண்டு நாளும் விடுமுறையாயின. அறிவிப்பு சில மணி நேரம் முன்புதான். 2022 நவம்பர் 24 வியாழன் அன்று டத்தோ ஸ்ரீ அன்வார் இப்ராஹிம் பிரதமராகப் பதவியேற்றார். அடுத்த திங்கள் 28 விடுமுறை என்று அன்றே சொன்னார். வியாழன் இரவு அறிவிப்பு, வெள்ளி ஒரே ஒரு வேலை நாள், பிறகு மூன்று நாள் மூடல். 2025 செப்டம்பர் 15 கூடுதல் விடுமுறையை ஜூலை 23ஆம் தேதியே அறிவித்தார்கள்; அப்போது திட்டமிட அவகாசம் இருந்தது. இவற்றை யாரும் ஊகிக்க முடியாது. அட்டவணையில் இடம் விட முடியும். பிறையைச் சார்ந்த தேதிக்கு முன்னும் பின்னும் ஒரு வேலை நாளை அட்டவணையில் காலியாக விடுங்கள். பொதுத் தேர்தல் நடக்கும் மாதத்தில் வாக்களிப்புக்கு அடுத்த வாரம் முழுவதும் பயன்பாட்டுத் தேதி எதையும் வைக்காதீர்கள்.

பட்டியலில் ஒவ்வொரு விடுமுறைக்கும் பக்கத்தில் ஒரு குறி இடுங்கள் என்பேன். அரசிதழில் வந்து நிறுவனமும் ஏற்றுக்கொண்டது ஒரு நிறம். பிறைக்கோ அறிவிப்புக்கோ காத்திருப்பது இன்னொரு நிறம். அலுவலகம் திறந்திருக்கும், ஆனால் ஆட்கள் விடுப்பில் இருப்பார்கள் என்பது மூன்றாவது நிறம். கடைசியாகச் சொன்னதைப் பலர் குறிப்பதே இல்லை. 2026 நவம்பர் 9 அலோர்ஸ்டாரில் வேலை நாள்தான். ஆனால் ஒப்புதல் தர வேண்டிய அதிகாரி நம்மவராக இருந்தால், முதல் நாள்தான் தீபாவளி என்பதால் 9ஆம் தேதி அவர் விடுப்பெடுப்பது இயல்பு. அவர் இருப்பாரா, இல்லையென்றால் அவருக்குப் பதில் கையெழுத்திடும் அதிகாரம் யாருக்கு என்று அக்டோபரிலேயே மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். நான் திருத்திக் காட்டிய அட்டவணை முழுவதும் அந்த ஒருவரின் வருகையில்தான் நிற்கிறது.

மாநில விடுமுறைப் பட்டியலை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டினால் போதாது என்பதற்குச் சட்டத்திலும் காரணம் இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி நிறுவனம் ஆண்டுக்குக் குறைந்தது பதினொரு பொது விடுமுறைகளைச் சம்பளத்தோடு தர வேண்டும். அவற்றில் ஐந்து கட்டாயம்: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், வேலை செய்யும் மாநில ஆட்சியாளரின் பிறந்தநாள் அல்லது கூட்டரசுப் பிரதேச தினம், தொழிலாளர் தினம், மலேசிய தினம். மிச்ச ஆறையும் அரசிதழில் உள்ள நாட்களிலிருந்து நிறுவனம் தெரிவு செய்து, ஆண்டு தொடங்குமுன் அறிவிப்பாக ஒட்ட வேண்டும். ஒரே தெருவில் இரண்டு நிறுவனத்துக்கு இரண்டு பட்டியல் இருப்பது அதனால்தான். வார ஓய்விலும் இப்படியே. கெடாவில் இருந்தாலும், சனி, ஞாயிறு ஓய்வை வைத்துக்கொண்ட தனியார் நிறுவனங்கள் உண்டு. எந்த மாநிலம் என்று கேட்டு நாட்காட்டியை முடிவு செய்யாதீர்கள். எந்த அலுவலகம், அவர்கள் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பு என்ன என்று கேளுங்கள்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்கிறேன். அட்டவணை தவறும்போது அந்த இடைவெளியை யாரோ ஒருவருடைய ஓய்வு நாள்தான் நிரப்புகிறது. கோலாலம்பூரில் இருந்து “வெள்ளி காலை சிறிய கூட்டம்தான், இணைந்துவிடுங்கள்” என்று அலோர்ஸ்டாருக்கு அழைப்பு போகிறது. அங்கே அவருக்கு அது ஞாயிற்றுக்கிழமை போல. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் இருக்கிறார். பெரிய அலுவலகம் இங்கே என்பதால் எப்போதும் வளைவது அந்தப் பக்கம்தான். பொது விடுமுறையில் வேலை வாங்கினால் மாதச் சம்பளக்காரருக்கு வழக்கமான சம்பளத்துக்கு மேல் இரண்டு நாள் கூலி தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குவோருக்கு அந்த உரிமை சட்டத்தில் இல்லை. நம் திட்டங்களில் வேலை செய்வோரில் பலர் அந்த வரம்புக்கு மேலே இருப்பவர்கள். அவர்களின் ஓய்வை எடுத்துக்கொண்டால் திட்டத்தின் செலவுக் கணக்கில் எதுவும் ஏறாது. அதனால்தான் எடுப்பது சுலபமாக இருக்கிறது. கூட்டங்களைத் திங்கள் முதல் வியாழனுக்குள் மட்டும் வையுங்கள். தவிர்க்கவே முடியாமல் ஒருமுறை அவர்கள் வெள்ளியில் வந்தால், அடுத்த முறை நாம் ஞாயிறு காலை உட்காருவோம்; அதையும் அட்டவணையில் எழுதி வைப்போம்.

ஒரு வேண்டுகோள். டிசம்பரில் நிறுவனங்கள் அடுத்த ஆண்டின் விடுமுறை அறிவிப்பை ஒட்டத் தொடங்கும். உங்கள் திட்டத்தில் உள்ள ஒவ்வோர் அலுவலகத்திடமும் அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சென்னைக்கும் கேளுங்கள். வந்ததும் கூட்டு நாட்களை மாதம் மாதமாக எண்ணி, திட்டத் தலைவர் தேதிக்கு வாக்குக் கொடுக்கும் முன் அவர் மேசையில் வையுங்கள். அவர் கேட்பது பத்து நாளாகவும் கையில் இருப்பது ஏழாகவும் இருந்தால், அதை அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
கிள்ளானிலிருந்து உங்களில் ஒருவர்